பர்தோலியின் இசைவு: வரி செலுத்தாதவர்கள் ஏன் வரி மறுப்புப் போராட்டத்தில் நின்றார்கள்?

1928 பிப்ரவரி 12 அன்று, பம்பாய் மாகாணத்தின் சூரத் மாவட்டத்தைச் சேர்ந்த பர்தோலி தாலுகாவின் விவசாயிகள், உயர்த்தப்பட்ட நிலவரியைச் செலுத்துவதில்லை என்று உறுதி ஏற்றனர். ஆகஸ்ட் 6 அன்று அரசு உடன்பாட்டுக்கு இறங்கி வந்தது. இடைப்பட்ட ஆறு மாதங்களில் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. எருமைகள் ஜப்தி செய்து ஏலம் விடப்பட்டன. ஜப்திப் பணிக்கெனப் பட்டாணியர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். ஒரு தாலுகாவைப் பணியவைக்கத் தேவையான பலம் அனைத்தும் அரசின் கையில் இருந்தும் தாலுகா பணியவில்லை. வல்லபாய் படேல் ‘சர்தார்’ ஆனது இந்தப் போராட்டத்தில்தான்.

பாடநூல்கள் இவ்வெற்றியை ‘விவசாயிகளின் ஒற்றுமை’ என்ற சொற்றொடரால் விளக்குகின்றன. அந்த ஒற்றுமைக்குள் விளக்கம் தேவைப்படும் புதிர் ஒன்று இருக்கிறது. அன்றைய பர்தோலியில் ஏறத்தாழ 87 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் பழங்குடியினர்; அவர்களிலும் பலர் நிலமற்ற பண்ணையாட்கள். நிலம் இல்லாதவருக்கு நிலவரியும் இல்லை. வரி 22 விழுக்காடு உயர்ந்தாலும் முழுமையாக நீங்கினாலும் அவர்களது அன்றாடக் கூலித் தானியத்தில் ஒரு பிடி கூடவோ குறையவோ வாய்ப்பில்லை. ஆயினும் அரசு தேடிய பிளவு அங்கே உண்டாகவில்லை. தமக்கு நேரடி ஆதாயமில்லாத கோரிக்கையோடு அவர்கள் இணைந்து நின்றது, அல்லது குறைந்தபட்சம் அதற்கு எதிராக நில்லாதது ஏன்?

இந்தக் கேள்விதான் அந்தோனியோ கிராம்ஷியின் ‘ஹெகமனி’ என்ற கருத்தாக்கத்தின் மையம். தமிழில் இது ‘மேலாண்மை’ என்று வழங்குகிறது. நிர்வாகவியலில் அச்சொல்லுக்குள்ள பொருளோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. முசோலினியின் சிறையிலிருந்தபடி 1929இல் குறிப்பேடுகளை எழுதத் தொடங்கிய கிராம்ஷி, ஒரு சமூகக் குழுவின் முதன்மை இரு வடிவங்களில் வெளிப்படுவதாகக் கண்டார். எதிரிகளை அது ஆதிக்கத்தால் அடக்குகிறது. கூட்டாளிகளை அறிவு, அறம் சார்ந்த தலைமையால் வழிநடத்துகிறது. இரண்டாவதுதான் மேலாண்மை. அது வெறும் ஏமாற்று அன்று. வழிநடத்தப்படும் குழுக்களின் நலன்களை ஓரளவுக்கேனும் கணக்கில் எடுக்காமல் அவர்களது இசைவைப் பெற முடியாது. தலைமைக் குழு சிலவற்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் அந்த விட்டுக்கொடுத்தல் அக்குழுவின் பொருளாதார அடித்தளத்தைத் தொடாது. எதை விட்டுக்கொடுக்கிறார்கள், எந்தக் கோட்டில் நிறுத்துகிறார்கள் என்பதைக் கண்டறிவதே மேலாண்மையைப் படிப்பதற்கான வழி. பர்தோலியில் அந்தக் கோடு தெளிவாகவே தெரிகிறது.

தாலுகாவின் சமூக அமைப்பை அங்கு வழங்கிய இரு சொற்களே காட்டிவிடும். பாட்டிதார், அனாவில் பிராமணர், வணிகர் முதலிய மேற்குழுவினர் ‘உஜலிபரஜ்’, அதாவது வெளுத்த மக்கள். பழங்குடியினர் ‘காலிபரஜ்’, அதாவது கறுத்த மக்கள். பருத்தி விளைச்சலும் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற உறவினர் அனுப்பிய பணமும் பாட்டிதார்களை வளப்படுத்தியிருந்தன. பழங்குடியினரில் சௌத்ரி போன்ற சில குழுவினரிடம் ஓரளவு நிலம் இருந்தது. துப்ளா குழுவினரிடம் பெரும்பாலும் நிலமில்லை. அவர்களில் பலர் ‘ஹாலி’ என்ற முறையில் நிலவுடைமையாளரிடம் கட்டுண்டிருந்தனர்.

ஹாலி முறை ஒரு திருமணத்தில் தொடங்கும். மணச்செலவுக்காக இளைஞன் ஒரு பண்ணையாரிடம் கடன் பெறுவான். அன்று முதல் அவர் அவனுடைய ‘தணியாமோ’, அதாவது எசமானர். அவருடைய வயலில் அவன் உழைப்பான். மனைவி மாட்டுக்கொட்டிலையும் வீட்டையும் சுத்தம் செய்வாள். கூலி அன்றாடத் தானியமாகக் கிடைக்கும். குடிசை போட இடமும் அவ்வப்போது துணியும் சேரும். உழைப்பால் கடன் கழிவதில்லை. நோய், சடங்கு, பஞ்சம் என ஒவ்வொன்றாலும் அது பெருகும். தந்தை இறந்தால் மகன் அதே வாசலில் நிற்பான். இந்த உறவில் பலவந்தம் இருந்தது. பஞ்சகாலத்தில் சோறு கிடைக்கும் என்ற உறுதியும் இருந்தது. எசமானரைப் புரவலராகக் காணும் மனப்பாங்கு பர்தோலியில் 1928க்கு வெகுமுன்பே வேரூன்றியிருந்தது. பின்னால் வந்த அரசியல் தலைமை இந்த மண்ணில்தான் எழுந்தது.

வரித் தகராறு ரயத்துவாரி முறையின் மறுநிர்ணயத்திலிருந்து எழுந்தது. முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அந்த நடைமுறையில், ஜெயகர் என்ற வருவாய் அதிகாரி தம் அறிக்கையில் 30 விழுக்காடு உயர்வைப் பரிந்துரைத்தார். புதிய தப்தி பள்ளத்தாக்கு ரயில்பாதை, விளைபொருள் விலையேற்றம் முதலியவற்றை வளத்தின் அடையாளங்களாக அவர் காட்டினார். அவருக்கு மேலிருந்த நிர்ணய ஆணையர் ஆண்டர்சன் அக்காரணங்களை ஒதுக்கிவிட்டு, குத்தகைப் புள்ளிவிவரங்களை அடிப்படையாகக் கொண்டு ஏறத்தாழ அதே அளவு உயர்வைப் பரிந்துரைத்தார். 1927இல் அரசு அதைச் சுமார் 22 விழுக்காடாகக் குறைத்து அறிவித்தது. இந்தத் தகராறு முழுவதிலும் கட்சிகள் இரண்டே: அரசும் நிலவுடைமையாளரும். ஹாலிக்கு இதில் இடமே இல்லை.

எனவே தலைமைக் குழுவின் முதற்பணி, தன் நலனைத் தாலுகாவின் நலனாக மாற்றிக் காட்டுவது. இந்தப் பணி 1928இல் தொடங்கியதன்று. குன்வர்ஜி மேத்தா, கல்யாண்ஜி மேத்தா சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலிருந்தே பாட்டிதார் இளைஞர்களிடையே சாதிச் சீர்திருத்தப் பணி செய்துவந்தனர். 1922இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அடுத்த கட்டமான வரி மறுப்புக்குக் காந்தி தேர்ந்தெடுத்தது பர்தோலியைத்தான். சௌரி சௌரா நிகழ்வுக்குப் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது, ஊழியர்கள் கலைந்துவிடவில்லை. தாலுகாவிலும் சுற்றுப்புறத்திலும் ஆசிரமங்கள் அமைத்து, கதர், மதுவிலக்கு, பள்ளி ஆகிய பணிகளில் ஆறு ஆண்டுகள் தங்கினர். அரசு அதிகாரம் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு குழு தலைமை தாங்கத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும் என்பது கிராம்ஷியின் கூற்று. பர்தோலியின் ஆசிரமங்கள் அத்தகைய முன்தலைமையின் நிறுவனங்கள்.

இந்த ஊழியர்கள் பழங்குடியினரைத் தாங்களே விழிக்கச் செய்ததாகக் கருதினர். டேவிட் ஹார்டிமனின் ஆய்வு வேறொரு சித்திரத்தைத் தருகிறது. 1922 இறுதியில் தென் குஜராத்தின் பழங்குடி ஊர்களில் சலாபாய் என்ற தேவியின் வாக்கு பரவியது. அருள் வந்தவர்கள் மூலம் தேவி பேசினாள்: கள்ளும் சாராயமும் விடுங்கள், இறைச்சி தவிருங்கள், நாள்தோறும் குளியுங்கள், சாராய வணிகரிடம் வேலைக்குச் செல்லாதீர்கள். சாராயக் கடன் வழியே பழங்குடியினரின் நிலங்கள் பார்சி வணிகரிடம் சென்றுகொண்டிருந்த வட்டாரத்தில் இது ஒழுக்க உபதேசம் மட்டுமன்று, பொருளாதாரப் பகிஷ்காரமும்கூட. சில காலத்துக்குள்ளேயே தேவியின் வாக்கில் காந்தியின் பெயரும் கதரும் சேர்ந்தன. காங்கிரஸ் ஊழியர்கள் அதன்பிறகே விரைந்து வந்து அந்த அலையோடு இணைந்தனர்.

மேலாண்மை பற்றிய விவாதத்தில் இந்த நிகழ்வு முக்கியமானது. கீழிருப்போர் மேலிருந்து வந்த கருத்தை வாங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மை விடுபடும். மேல்சாதியாரின் தூய்மை நெறிகளைப் பழங்குடியினர் எடுத்துக்கொண்டபோது, ‘கறுத்த மக்கள்’ என்ற இழிவைத் துடைக்கும் கருவியாக எடுத்துக்கொண்டனர். காங்கிரஸ் அந்த வேட்கையை ஏற்றது. ‘காலிபரஜ்’ என்ற பெயரை நீக்கி, ‘ராணிபரஜ்’, அதாவது காட்டில் வாழும் மக்கள் என்று புதுப்பெயர் சூட்டியது, மாநாடுகள் கூட்டியது, வேட்சி போன்ற இடங்களில் அவர்களுக்கென ஆசிரமப் பணி வேர்கொண்டது. இவை உண்மையான விட்டுக்கொடுத்தல்கள். நேற்றுவரை வாசலுக்கு வெளியே நின்றவர் இன்று கூட்டத்தில் அமர்ந்தார். இசைவின் விலையில் ஒரு பகுதி இவ்வாறு மதிப்பாகச் செலுத்தப்பட்டது.

1928இல் இந்த அடித்தளத்தின்மேல் ஓர் அமைப்பு எழுந்தது. தாலுகா 13 முகாம்களாகப் பிரிக்கப்பட்டது. மாகாணம் முழுவதிலுமிருந்து வந்த ஊழியர்களும், பெரும்பாலும் மாணவர்களான சுமார் 1,500 தொண்டர்களும் அவற்றில் பணியாற்றினர். ‘சத்தியாக்கிரகப் பத்திரிகா’ என்ற செய்தித்தாள் படேலின் உரைகளைத் தாங்கி ஊர்தோறும் சென்றது. இந்துக்கள் தம் கடவுளின் பெயராலும் முஸ்லிம்கள் குதாவின் பெயராலும் சூளுரைத்தனர். பெண்கள் பெருமளவில் கூட்டங்களுக்கு வந்தனர். எருமைகளை ஜப்தியிலிருந்து காக்கக் குடும்பங்கள் கால்நடைகளோடு வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வாழ்ந்தன. வெயில் படாமல் தோல் வெளிறிய எருமைகளைப் படேல் மேடையில் கேலிப்பொருளாக்கினார். அவருடைய பேச்சில் எதிரெதிர் நின்றவர்கள் சர்க்கார், ‘கேடூத்’ என்னும் விவசாயி ஆகிய இருவர் மட்டுமே. உழுவித்தவரும் உழுதவரும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கினர்.

இனி மற்றொரு பக்கம். இவ்வமைப்பு இணக்கத்தால் மட்டும் இயங்கவில்லை. வரி செலுத்தியவர், செலுத்த எண்ணியவர், பறிமுதல் நிலத்தை ஏலம் கேட்டவர் ஆகியோர் மீது சாதிப் பஞ்சாயத்துகள் வழியே சமூகப் புறக்கணிப்பு ஏவப்பட்டது. பெண் கொடுத்து எடுப்பதும் பந்தியில் சேர்வதும் நின்றுபோகும் என்ற அச்சம் ஜப்தி ஆணையைவிட வலிமையாக இருந்தது. தவறிழைத்தவராகக் கருதப்பட்டவர்கள் ஊரார் முன் வருந்தி, போராட்ட நிதிக்குப் பணம் தந்து பரிகாரம் தேடிய நிகழ்வுகளை, போராட்டத்தின் உடனிருந்த மகாதேவ் தேசாயின் நூலே பெருமிதத்தோடு பதிவு செய்கிறது. காந்திக்கு இதில் கவலை இருந்தது. புறக்கணிப்பு உணவு, நீர், மருத்துவம் போன்ற இன்றியமையாத தேவைகளை மறுக்கும் அளவுக்குப் போகலாகாது என்று அவர் தம் இதழில் எச்சரித்தார். எச்சரிக்கை தேவைப்பட்டது என்பதே நிலைமையைக் காட்டுகிறது.

ரணஜித் குஹா, சுதேசி இயக்கம் முதலாகத் தேசிய இயக்கத் திரட்டல்களை ஆராய்ந்தபோது இதையே சுட்டினார். தலைவர்கள் மக்களின் தாமான இசைவு என்று கொண்டாடியதில் சாதித் தண்டனையின் பங்கு கணிசமானது. ஆனால் பர்தோலியை வெறும் கட்டாயத்தின் கதையாகத் தலைகீழாக்கினாலும் பிழையே. புறக்கணிப்பு வேலை செய்ததற்குக் காரணம், பெரும்பாலோர் அதை நியாயமெனக் கருதியது. யாரும் நம்பாத பஞ்சாயத்தின் விலக்கு யாரையும் சுடாது. கிராம்ஷியும் இசைவு, பலவந்தம் இரண்டும் வெவ்வேறு விகிதங்களில் கலந்தே இருப்பதாகத்தான் எழுதினார். பலவந்தம் பெரும்பான்மையின் இசைவை நம்பி நிற்பதாகத் தோன்றும்போதே மேலாண்மை உறுதிப்படுகிறது. பர்தோலியில் தலைமைக் குழுவின் தண்டனை அவ்வாறு தோன்றியது. அரசின் தண்டனைக்கு அந்தத் தோற்றம் வாய்க்கவில்லை.

அரசு தோற்ற விதமே இதற்குச் சான்று. நிலத்தைப் பறிமுதல் செய்ய ஓர் ஆணை போதும். அதை விற்க வாங்குபவர் வேண்டும். உள்ளூரில் வாங்குவோர் அரிதாயினர். ஜப்தி செய்த பொருளைத் தூக்க ஆளும் ஏற்றிச் செல்ல வண்டியும் வேண்டும், அவையும் கிடைக்கவில்லை. கிராமத்தில் அரசின் கையாக இருந்த பட்டேல்களும் தலாட்டிகளும் பதவி விலகினர். ரயத்துவாரி அரசு அன்றாடம் இயங்கியது உள்ளூர்ப் பெரிய குடும்பங்களின் ஒத்துழைப்பால். அது விலகியதும் எஞ்சியது வெறும் பலம். காலனிய அரசை ‘மேலாண்மையற்ற ஆதிக்கம்’ என்று குஹா வரையறுத்ததன் பொருள் இத்தகைய தருணங்களில் துலங்குகிறது.

உடன்பாட்டின் வழிமுறையும் கவனிக்கத்தக்கது. கே. எம். முன்ஷி முதலியோர் சட்டமன்றத்திலிருந்து விலகினர். வைஸ்ராய் இர்வினிடமிருந்து ஆளுநர் லெஸ்லி வில்சனுக்கு நெருக்குதல் வந்தது. அரசு கௌரவத்தோடு பின்வாங்க விசாரணைக் குழுவை நாடியது. நீதித்துறையைச் சேர்ந்த புரூம்ஃபீல்டும் வருவாய்த்துறையைச் சேர்ந்த மாக்ஸ்வெல்லும் அதில் அமர்ந்தனர். 1922இல் காந்திக்கு ஆறாண்டுச் சிறை விதித்த நீதிபதியே இந்தப் புரூம்ஃபீல்டு. குத்தகைக் கணக்குகள் நம்பத்தகாதவை என்று கண்ட அக்குழு, 6.03 விழுக்காடு உயர்வே தகும் என்று முடிவு கூறியது. பலம் தோற்ற இடத்தில் அரசு ‘நியாய விசாரணை’ என்ற இசைவின் மொழிக்குத் திரும்பியது. பாட்டிதார்களும் அம்முடிவை ஏற்றனர். ஏனெனில் அவர்களது எதிர்ப்பு வரியின் அளவைப் பற்றியது; நிலவுடைமை முறையைப் பற்றியதன்று.

இப்போது கோட்டை அடையாளம் காணலாம். வெற்றிக்குப் பின் பறிமுதலான நிலங்கள் திரும்பக் கிடைக்க வழி பிறந்தது; பதவி விலகிய ஊர் அலுவலர்கள் மீண்டும் அமர்ந்தனர்; வரி குறைந்தது. இவை எதுவும் ஹாலியின் கடன் கணக்கைத் தொடவில்லை. துப்ளா என்ற பெயருக்குப் பதிலாக, ஏருக்கு உரியவர் எனப் பொருள்படும் ‘ஹள்பதி’ என்ற பெயரைக் காந்திய இயக்கம் வழங்கியது. பெயரில் ஏரின் உரிமை வந்தது. ஏர் ஓடிய நிலம் எசமானரிடமே இருந்தது. மதுவை விடு, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பு என்று ஹாலியிடம் சொன்ன ஊழியர்களால், கடனைத் தள்ளு, கூலியை உயர்த்து என்று எசமானரிடம் அதே உரத்த குரலில் சொல்ல முடியவில்லை. அவர்களது ஆசிரமங்களைத் தாங்கியவர்கள் அந்த எசமானர்களே.

இக்கேள்வியை உரக்க எழுப்பியவர்கள் வேறு திசையிலிருந்து வந்தனர். 1930களின் பிற்பகுதியில் இந்துலால் யாக்னிக் உள்ளிட்ட கிசான் சபையினர் ஹாலிகளின் விடுதலையை முழக்கமாக்கினர். 1938 பிப்ரவரியில் காங்கிரஸ் மாநாடு பர்தோலி வட்டாரத்தின் ஹரிபுராவிலேயே கூடியதால் முழக்கம் தலைவர்களின் செவிக்கு எட்டும் தொலைவுக்கு வந்தது. 1939இல் படேலின் தலையீட்டில் ஹாலிகளை விடுவிக்க நிலவுடைமையாளருடன் உடன்பாடு ஏற்பட்டது. அதை நிறைவேற்ற அமைப்போ மீறியவருக்குத் தண்டனையோ இல்லாததால் அது நிலைக்கவில்லை. 1928இல் வரி கட்டிய ஒருவரைச் சாதிப் பந்தியிலிருந்து விலக்கிய அதே சமூகம், 1939இல் உடன்பாட்டை மீறிய எசமானரை விலக்கவில்லை. புறக்கணிப்பு என்னும் ஆயுதம் எத்திசையில் பாயும், எத்திசையில் பாயாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒப்பீடு பர்தோலியின் வரலாற்றில் இல்லை.

1960களில் தென் குஜராத்தில் கள ஆய்வு செய்த யான் பிரெமன், ஹாலி முறை பெருமளவு சிதைந்திருந்ததைக் கண்டார். சிதைவுக்குக் காரணம் எசமானரின் மனமாற்றமன்று. பயிர்முறையும் சந்தையும் மாறியபோது ஆண்டு முழுவதும் ஆளைத் தாங்குவது உடைமையாளருக்கு ஆதாயமற்றதாயிற்று. புரவல் உறவு மறைந்தது; சுரண்டல் கூலி வடிவில் தொடர்ந்தது. 1928இன் இசைவுக்கு அடியிலிருந்த பஞ்சகாலச் சோறு என்ற உறுதியும் அத்துடன் போயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து ஆய்வு மாணவர் பெறத்தக்க எச்சரிக்கை ஒன்றுண்டு. பர்தோலியைப் பற்றிய சான்றுகள் மூன்று கைகளால் எழுதப்பட்டவை: அரசு அதிகாரிகள், காங்கிரஸ் ஊழியர்கள், நிலவுடைமை வகுப்பின் கல்வியாளர்கள். ஹாலி தன் கையால் எழுதிய வரி அவற்றில் இல்லை. அவன் 1928இல் அரசுப் பக்கம் போகவில்லை என்பது சான்று. அவன் போராட்டத்தை நேசித்தான் என்பது ஊகம். எசமானரின் வாசலைக் காத்த ஹாலியை அங்கு நிறுத்தியது பற்றாயிருக்கலாம், கடனாயிருக்கலாம், காந்தி என்ற பெயரில் அவன் கண்ட தன் சொந்த விடுதலைக் கனவாகவும் இருக்கலாம். தேவியின் வாக்கை நினைத்தால் மூன்றாவதை எளிதில் தள்ளிவிட முடியாது. இசைவு என்ற சொல் இம்மூன்றையும் ஒரே நிறத்தில் காட்டிவிடும்.

ஆகவே ஒரு குழு இசைவால் ஆள்கிறது என்று எழுதும்போது, இசைந்தவர் பெற்றதென்ன, கேட்டும் பெறாததென்ன, கேட்கவே இயலாததென்ன என்று மூன்று பத்திகளில் கணக்கிட வேண்டும். பர்தோலியின் ஹாலி பெற்றது ஒரு புதுப்பெயரும் கூட்டத்தில் ஓர் இடமும். கேட்டும் பெறாதது கடனிலிருந்து விடுதலை. 1928இல் கேட்கவே இயலாதது, தன் கை உழுத நிலம்.